பொது உமிழ்ப்பான் பெருக்கி: சுற்றுப் படத்திலிருந்து இயக்கப் புள்ளியும் பெருக்கமும்

பொது உமிழ்ப்பான் பெருக்கியின் சுற்றுப் படம் ஒன்றைத் தந்து மூன்று விடைகளைக் கேட்பது வழக்கம்: இயக்கப் புள்ளி எங்கே இருக்கிறது, மின்னோட்டப் பெருக்கம் எவ்வளவு, மின்னழுத்தப் பெருக்கம் எவ்வளவு. இம்மூன்றும் தனித்தனிக் கணக்குகள் அல்ல. சைகை எதுவும் இல்லாதபோது டிரான்சிஸ்டரில் ஓடும் நேர்மின்னோட்டத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் இயக்கப் புள்ளி. மின்னழுத்தப் பெருக்கம் அந்த மின்னோட்டத்திலிருந்தே பிறக்கிறது. டிரான்சிஸ்டரின் மின்னோட்டப் பெருக்கமான β ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் மாறும் எண். நன்கு அமைந்த சுற்றில் இயக்கப் புள்ளியும் மின்னழுத்தப் பெருக்கமும் அந்த எண்ணைப் பெரிதும் சார்ந்திருப்பதில்லை.

படத்தில் இருப்பவை

டிரான்சிஸ்டருக்கு உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என்று மூன்று முனைகள் உண்டு. பணிமனைப் பேச்சில் எமிட்டர், பேஸ், கலெக்டர். சைகையை அடிவாயில் கொடுத்து, ஏற்பானிலிருந்து எடுத்து, உமிழ்ப்பானை இரண்டுக்கும் பொதுவாக வைத்தால் அது பொது உமிழ்ப்பான் அமைப்பு. படத்தில் உமிழ்ப்பான் நேராகத் தரையில் சேராமல், ஒரு மின்தடையும் அதற்குப் பக்க இணைப்பாக ஒரு மின்தேக்கியும் நடுவில் இருக்கலாம். மாறுமின் சைகைக்கு அந்த மின்தேக்கி ஏறத்தாழக் குறுக்குச்சுற்றாகிவிடுவதால் சைகையின் பார்வையில் உமிழ்ப்பான் தரையில்தான் இருக்கிறது.

எனவே ஒரே படத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை எல்லா மின்தேக்கிகளையும் அறுந்த கம்பிகளாகக் கொண்டு, மீதியுள்ள மின்தடைகளையும் மின்மூலத்தையும் வைத்து நேர்மின் கணக்கைச் செய்ய வேண்டும். இரண்டாம் முறை மின்தேக்கிகளைக் குறுக்குச்சுற்றாகவும், மின்மூலத்தின் நேர்முனையைத் தரையாகவும் கொண்டு சைகைக் கணக்கைச் செய்ய வேண்டும். மின்மூலத்தின் அழுத்தம் சைகையோடு சேர்ந்து ஆடுவதில்லை. ஆடாத எந்தப் புள்ளியும் சைகைக்குத் தரைதான். மேலே மின்மூலத்தில் முடியும் ஏற்பான் மின்தடை சைகைக் கணக்கில் தரைக்கு இறங்குவது இதனால்தான். இந்த இரண்டு வாசிப்புகளையும் கலந்துவிடுவதே மாணவர் விடைகள் தவறுவதற்கு முதற்காரணம்.

β என்ற எண்

உமிழ்ப்பானிலிருந்து கிளம்பும் மின்னூட்டத் துகள்களில் மிகப் பெரும்பகுதி மெல்லிய அடிவாயைக் கடந்து ஏற்பானை அடைகிறது. அடிவாய்ப் பகுதியில் மறுஇணைப்பால் மறையும் துகள்களையும், அடிவாயிலிருந்து உமிழ்ப்பானுக்குத் திரும்பப் பாயும் சிறு பங்கையும் ஈடுசெய்வதே அடிவாய் மின்னோட்டம். ஏற்பான் மின்னோட்டத்தை உமிழ்ப்பான் மின்னோட்டத்தால் வகுத்தால் α. அடிவாய் மின்னோட்டத்தால் வகுத்தால் β.

β = IC / IB = α / (1 − α)

α-வின் மதிப்பு 0.990 என்றால் β 99. அதுவே 0.995 என்றால் β 199. கடந்து செல்லும் பங்கில் அரை விழுக்காடு கூடினாலே β இரட்டிப்பாகிறது. தொழிற்சாலையில் அடிவாயின் தடிமனும் மாசுக் கலப்பும் சிறிதளவு வேறுபட்டாலும் β பெரிதாக மாறுவதற்குக் காரணம் இதுவே. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் BC547 வகைக்கு, 2 மில்லி ஆம்பியர் ஏற்பான் மின்னோட்டத்தில், தரவுத்தாள் தரும் வரம்பு A பிரிவுக்கு 110 முதல் 220, B பிரிவுக்கு 200 முதல் 450, C பிரிவுக்கு 420 முதல் 800. ஒரே பிரிவுக்குள்ளேயே இரு மடங்கு வேறுபாடு அனுமதிக்கப்படுகிறது. வெப்பநிலை உயர உயர β-வும் உயரும்.

படத்தோடு வெளியீட்டுச் சிறப்பியல்புக் கோடுகளும் தரப்பட்டிருந்தால் β-வை அவற்றிலிருந்தே படிக்கலாம். VCE-ஐ ஒரே மதிப்பில் நிறுத்தி அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு இடையே ஏற்பான் மின்னோட்டம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, அதை அடிவாய் மின்னோட்ட வேறுபாட்டால் வகுக்க வேண்டும். அது மாறுமின் β. ஒரு புள்ளியின் IC-ஐ அதே புள்ளியின் IB-ஆல் வகுத்தால் நேர்மின் β. நடுத்தர மின்னோட்டங்களில் இரண்டும் அருகருகே இருப்பதால் கணக்குகளில் ஒரே எண்ணாகக் கொள்வது வழக்கம்.

எளிய படம்: ஒற்றை அடிவாய் மின்தடை

பாடநூல்களில் முதலில் வரும் படத்தில் இரண்டே மின்தடைகள் இருக்கும். மின்மூலம் 12 வோல்ட். அதிலிருந்து அடிவாய்க்கு 560 கிலோ ஓம், ஏற்பானுக்கு 3 கிலோ ஓம். உமிழ்ப்பான் நேராகத் தரையில். β 100 என்று தரப்பட்டிருக்கிறது.

நேர்மின் கணக்கு அடிவாய் வழியில் தொடங்குகிறது. சிலிக்கான் சந்தி முன்னோக்கு நிலையில் சுமார் 0.7 வோல்ட்டைப் பிடித்துக்கொள்கிறது. மீதி 11.3 வோல்ட் அடிவாய் மின்தடையின் குறுக்கே விழுகிறது.

IB = (12 − 0.7) / 560 kΩ ≈ 20.2 µA
IC = 100 × 20.2 µA ≈ 2.02 mA
VCE = 12 − 2.02 mA × 3 kΩ ≈ 5.95 V

இயக்கப் புள்ளி (5.95 வோல்ட், 2.02 மில்லி ஆம்பியர்). பளுக்கோட்டை வரைந்தும் இதையே காணலாம். மின்னோட்டம் சுழியானால் VCE 12 வோல்ட்; VCE சுழியானால் மின்னோட்டம் 12/3 = 4 மில்லி ஆம்பியர். இவ்விரு புள்ளிகளையும் சேர்க்கும் நேர்கோடு, 20 மைக்ரோ ஆம்பியருக்கான சிறப்பியல்புக் கோட்டை வெட்டும் இடமே இயக்கப் புள்ளி. அது ஏறக்குறையக் கோட்டின் நடுவில் இருப்பதால் சைகை இருபுறமும் ஆட இடம் இருக்கிறது.

இங்கே β-வை மட்டும் மாற்றிப் பார்த்தால் சுற்றின் பலவீனம் வெளிப்படும். அடிவாய் மின்னோட்டத்தை மின்மூலமும் மின்தடையும் தீர்மானித்துவிட்டன, அது மாறாது. β 50 என்றால் ஏற்பான் மின்னோட்டம் 1.01 மில்லி ஆம்பியர், VCE சுமார் 9 வோல்ட். β 200 என்றால் ஏற்பான் மின்னோட்டம் 4.04 மில்லி ஆம்பியர் ஆக வேண்டும்; அதற்கு 3 கிலோ ஓமின் குறுக்கே 12.1 வோல்ட் வேண்டும். மின்மூலத்தில் 12 வோல்ட்தான் இருக்கிறது. ஆகவே டிரான்சிஸ்டர் தெவிட்டிய நிலைக்குப் போய், VCE சுமார் 0.2 வோல்ட்டில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே IC என்பது β மடங்கு IB என்ற விதி செல்லாது. பெருக்கியும் வேலை செய்யாது. β 100-க்குத் திட்டமிட்ட இந்தச் சுற்றில் BC547B ஒன்றைச் செருகினால் நிகழ்வது இதுதான்.

கணக்கில் IC-ஐக் கண்டதும் VCE-ஐயும் சரிபார்ப்பது இதனால் கட்டாயமாகிறது. VCE எதிர்க்குறியோடு வந்தாலோ 0.2 வோல்ட்டுக்குக் கீழே வந்தாலோ டிரான்சிஸ்டர் தெவிட்டிவிட்டது என்று பொருள். அப்போது IC-இன் உண்மை மதிப்பை ஏற்பான் மின்தடையிலிருந்து காண வேண்டும்: (12 − 0.2)/3 கிலோ ஓம், அதாவது சுமார் 3.9 மில்லி ஆம்பியர்.

மின்னழுத்தப் பெருக்கம் எங்கிருந்து வருகிறது

பள்ளிப் பாடத்தில் மின்னழுத்தப் பெருக்கம், β-வை ஏற்பான் மின்தடையால் பெருக்கி உள்ளீட்டு மின்தடையால் வகுத்துப் பெறப்படுகிறது. இந்தச் சமன்பாடு சரியானது. ஆனால் அதைப் பார்த்ததும், β இரட்டித்தால் பெருக்கமும் இரட்டிக்கும் என்று தோன்றும். அது சரியன்று. உள்ளீட்டு மின்தடைக்குள்ளேயும் β ஒளிந்திருக்கிறது.

அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையிலுள்ள மின்னழுத்தம் கூடும்போது ஏற்பான் மின்னோட்டம் அடுக்குக்குறி விதிப்படி கூடுகிறது. ஏபெர்ஸ், மோல் இருவரும் 1954-இல் வெளியிட்ட மாதிரியின் மையம் இந்த விதிதான். அறை வெப்பநிலையில் VBE 18 மில்லி வோல்ட் கூடினால் மின்னோட்டம் இரட்டிக்கிறது. 60 மில்லி வோல்ட் கூடினால் பத்து மடங்காகிறது. இந்த வளைகோட்டின் சாய்வை இயக்கப் புள்ளியில் எடுத்தால், உமிழ்ப்பானுக்குள் ஒரு சிறு மின்தடை இருப்பதுபோல ஒரு மதிப்பு கிடைக்கும்.

re = 26 mV / IE

இதில் 26 மில்லி வோல்ட் என்பது அறை வெப்பநிலையின் வெப்ப மின்னழுத்தம். மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியர் என்றால் re 26 ஓம்; 2 மில்லி ஆம்பியர் என்றால் 13 ஓம். அடிவாயிலிருந்து பார்க்கும்போது இதே மின்தடை ஏறத்தாழ β மடங்காகத் தெரிகிறது. ஏனெனில் அதே மின்னழுத்த மாற்றத்துக்கு அடிவாய் மின்னோட்டம் β மடங்கு குறைவாகவே மாறுகிறது. ஆகவே உள்ளீட்டு மின்தடை β × re. இதைப் பள்ளிச் சமன்பாட்டில் இட்டால் மேலும் கீழும் உள்ள β அடிபட்டுப்போகிறது.

AV = − β RC / (β re) = − RC / re

எதிர்க்குறி கட்டத் திருப்பத்தைக் குறிக்கிறது. அடிவாய் மின்னழுத்தம் ஏறும்போது ஏற்பான் மின்னோட்டம் கூடுகிறது, மின்தடையின் குறுக்கே அதிக வோல்ட் விழுகிறது, ஏற்பான் முனையின் மின்னழுத்தம் இறங்குகிறது. உள்ளீட்டின் முகடு வெளியீட்டில் அகடாக வருவது இதனால்தான்.

re-க்குப் பதில் 26 மில்லி வோல்ட்/IC என்று எழுதினால் சமன்பாடு இன்னும் தெளிவாகிறது. சுமை எதுவும் இணைக்காதபோது, பெருக்கம் என்பது ஏற்பான் மின்தடையின் குறுக்கே விழும் நேர்மின்னழுத்தத்தை 26 மில்லி வோல்ட்டால் வகுத்துக் கிடைப்பது. அதாவது விழும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் ஏறத்தாழ 40 மடங்கு. மேலே கண்ட எளிய படத்தில் 3 கிலோ ஓமின் குறுக்கே 6.05 வோல்ட் விழுகிறது. பெருக்கம் சுமார் 233. மின்தடையைப் பெரிதாக்கிப் பெருக்கத்தை விரும்பியவரை ஏற்றிவிட முடியாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. 12 வோல்ட் மின்மூலத்தில் பாதியை மின்தடைக்கு விட்டால், இந்த எளிய அமைப்பிலிருந்து கிடைப்பது சுமார் 230 மடங்குதான். மின்தடையை இரட்டித்து மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் பெருக்கம் அப்படியே இருக்கும்.

உள்ளீட்டு மின்தடை 1 கிலோ ஓம், β 100 என்று தனித்தனியே தந்துவிடும் தேர்வுக் கணக்குகளையும் இதே கண்ணோடு படிக்கலாம். re 10 ஓம் ஆகிறது; அதற்கு இயக்க மின்னோட்டம் 2.6 மில்லி ஆம்பியராக இருக்க வேண்டும். கேள்வியில் இயக்கப் புள்ளி சொல்லப்படவில்லை என்றாலும், தரப்பட்ட எண்களுக்குள் அது அடங்கியிருக்கிறது.

நடைமுறைப் படம்: மின்னழுத்தப் பகுப்பான்

உண்மையான கருவிகளில் அதிகம் காணப்படும் படம் வேறு. மின்மூலம் 12 வோல்ட். அடிவாய்க்கு மேலே R1 = 47 கிலோ ஓம், கீழே R2 = 10 கிலோ ஓம். ஏற்பானில் RC = 3.3 கிலோ ஓம், உமிழ்ப்பானில் RE = 1 கிலோ ஓம், அதற்குப் பக்க இணைப்பாக 100 மைக்ரோ ஃபாரட் புறவழி மின்தேக்கி. உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் தலா 10 மைக்ரோ ஃபாரட் இணைப்பு மின்தேக்கி. சைகை மூலத்தின் உள்மின்தடை 600 ஓம். வெளியீட்டுச் சுமை 10 கிலோ ஓம். β 200.

முதல் வாசிப்பில் மின்தேக்கிகள் இல்லை. அடிவாய் மின்னோட்டம் மிகச் சிறியது என்று கொண்டு தோராயமாகக் கணித்தால் அடிவாய் மின்னழுத்தம் 12 × 10/57, அதாவது 2.1 வோல்ட். உமிழ்ப்பான் அதைவிட 0.7 வோல்ட் தாழ்வாக, 1.4 வோல்ட்டில் இருக்கும். RE 1 கிலோ ஓம் என்பதால் உமிழ்ப்பான் மின்னோட்டம் 1.4 மில்லி ஆம்பியர். இதுவரை β எங்கும் வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

துல்லியமாகக் காண, பகுப்பானைத் தெவெனின் முறையில் சுருக்க வேண்டும். அதன் மின்னழுத்தம் 2.105 வோல்ட், மின்தடை 47-உம் 10-உம் பக்க இணைப்பில், 8.25 கிலோ ஓம்.

IB = (2.105 − 0.7) / (8.25 kΩ + 201 × 1 kΩ) ≈ 6.7 µA
IC ≈ 1.34 mA
VC = 12 − 1.34 mA × 3.3 kΩ ≈ 7.6 V
VE ≈ 1.35 V
VCE ≈ 6.2 V

தோராயக் கணக்குக்கும் துல்லியக் கணக்குக்கும் இடையே வேறுபாடு 4 விழுக்காடு அளவே. பகுப்பானில் ஓடும் மின்னோட்டம் சுமார் 0.21 மில்லி ஆம்பியர். அடிவாய் எடுத்துக்கொள்வது அதில் முப்பதில் ஒரு பங்கு. பகுப்பானின் மின்னோட்டம் அடிவாய் மின்னோட்டத்தைப்போல் பத்து மடங்காவது இருந்தால் தோராயமே போதும் என்பது வடிவமைப்பாளர்கள் கைக்கொள்ளும் விதி.

இப்போது β-வை 100 என்று மாற்றினால் IC 1.29 மில்லி ஆம்பியர், VCE 6.5 வோல்ட். 400 என்று மாற்றினால் IC 1.37 மில்லி ஆம்பியர். எளிய படத்தில் β இரட்டித்ததும் டிரான்சிஸ்டர் தெவிட்டிப்போனது. இங்கே நான்கு மடங்கு மாறியும் மின்னோட்டம் ஏழு விழுக்காட்டுக்குள் நின்றுவிட்டது. காரணம் RE தரும் எதிர்ப் பின்னூட்டம். ஏற்பான் மின்னோட்டம் கூட முயன்றால் RE-இன் குறுக்கே மின்னழுத்தம் ஏறும். அடிவாய் மின்னழுத்தம் பெரிதாக அசையாததால் VBE குறையும். மின்னோட்டம் திரும்ப இறங்கும். வெப்பத்துக்கும் இதே பாதுகாப்பு உண்டு. வெப்பநிலை 30 பாகை ஏறினால் VBE சுமார் 60 மில்லி வோல்ட் குறைகிறது. நிலையான VBE-ஐ வைத்திருக்கும் சுற்றில் அது மின்னோட்டத்தைப் பல மடங்காக்கியிருக்கும். இங்கே 1 கிலோ ஓமின் குறுக்கே 60 மில்லி வோல்ட் கூடுதல், அதாவது 0.06 மில்லி ஆம்பியர் மட்டுமே.

சைகைக் கணக்கு

இரண்டாம் வாசிப்பில் மின்தேக்கிகள் குறுக்குச்சுற்று, மின்மூலம் தரை. RE-ஐப் புறவழி மின்தேக்கி மறைத்துவிடுகிறது. ஏற்பானில் 3.3 கிலோ ஓமும் 10 கிலோ ஓம் சுமையும் பக்க இணைப்பாகி 2.48 கிலோ ஓம் ஆகின்றன. உமிழ்ப்பான் மின்னோட்டம் 1.35 மில்லி ஆம்பியர் என்பதால் re 19.3 ஓம்.

AV = − 2480 / 19.3 ≈ − 129

சுமை இணைக்காதபோது இதே சுற்றின் பெருக்கம் 171. சுமையை மறந்துவிட்டு RC-ஐ மட்டும் இட்டு விடை எழுதுவது அடிக்கடி நிகழும் பிழை. உள்ளீட்டில் அடிவாயின் மின்தடை 200 × 19.3, சுமார் 3.86 கிலோ ஓம். அதோடு பகுப்பானின் 8.25 கிலோ ஓமும் பக்க இணைப்பாகச் சேர்ந்து மொத்தம் 2.63 கிலோ ஓம். 600 ஓம் மூலத்திலிருந்து வரும் சைகையில் 81 விழுக்காடே அடிவாயை அடைகிறது. மூலத்திலிருந்து சுமை வரையிலான மொத்தப் பெருக்கம் சுமார் 105.

அடுத்தது மின்னோட்டப் பெருக்கம். டிரான்சிஸ்டரின் β 200 என்பதால் சுற்றின் மின்னோட்டப் பெருக்கமும் 200 என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அது தவறு. உள்ளே வரும் சைகை மின்னோட்டத்தில் ஒரு பகுதி R1, R2 வழியே ஒதுங்கிப்போகிறது. 68 விழுக்காடே அடிவாய்க்குள் நுழைகிறது. அது 200 மடங்காகி ஏற்பானில் வெளிப்படுகிறது. அங்கும் பெரும்பகுதி RC வழியே போய்விட, 10 கிலோ ஓம் சுமைக்குக் கிடைப்பது 3.3/13.3, அதாவது 25 விழுக்காடு.

Ai = 0.68 × 200 × 0.25 ≈ 34

மின்னழுத்தப் பெருக்கத்தை உள்ளீட்டு மின்தடையால் பெருக்கிச் சுமையால் வகுத்தாலும் இதே 34 வரும். விடையைச் சரிபார்க்க அது நல்ல வழி. இரண்டு பெருக்கங்களின் பெருக்கற்பலன் திறன் பெருக்கம்: சுமார் 4,300, டெசிபெல் கணக்கில் 36.

β 100 ஆனால் இவற்றுக்கு என்ன ஆகும் என்று பார்த்தால் சுற்றின் இயல்பு விளங்கும். மின்னழுத்தப் பெருக்கம் 129-இலிருந்து 124-க்கு இறங்குகிறது, கிட்டத்தட்ட மாற்றமில்லை. மின்னோட்டப் பெருக்கமோ 34-இலிருந்து 20-க்குச் சரிகிறது. உள்ளீட்டு மின்தடை 2.6 கிலோ ஓமிலிருந்து 1.6 கிலோ ஓமுக்கு இறங்கி, மூலத்தை அதிகமாகச் சுமக்கவைக்கிறது. β-வின் விளைவு முழுவதும் உள்ளீட்டுப் பக்கத்தில்தான் தங்கியிருக்கிறது.

பெருக்கத்தின் எல்லைகள்

வெளியீடு எவ்வளவு ஆடலாம் என்பதை இயக்கப் புள்ளி தீர்மானிக்கிறது. கீழ்நோக்கி VCE 6.2 வோல்ட்டிலிருந்து 0.2 வரை இறங்க 6 வோல்ட் இடம் இருக்கிறது. மேல்நோக்கி இடம் அவ்வளவு இல்லை. ஏற்பான் மின்னோட்டம் 1.34 மில்லி ஆம்பியரிலிருந்து சுழிக்குக் குறைந்ததும் டிரான்சிஸ்டர் வெட்டு நிலையை அடைந்துவிடும். அதற்குள் வெளியீடு ஏறக்கூடியது 1.34 மில்லி ஆம்பியர் × 2.48 கிலோ ஓம், அதாவது 3.3 வோல்ட்தான். சைகைக்கான பளுக்கோடு நேர்மின் பளுக்கோட்டைவிடச் செங்குத்தானது. அதனால் நேர்மின் கோட்டின் நடுவில் இருக்கும் புள்ளி சைகைக் கோட்டின் நடுவில் இருப்பதில்லை.

அந்த 3.3 வோல்ட்டை எட்டுவதற்கு முன்பே வேறொரு எல்லை குறுக்கிடுகிறது. re என்பது வளைகோட்டின் ஒரு புள்ளியிலுள்ள சாய்வு. சைகை பெரிதானால் சாய்வும் கூடவே மாறும். அடிவாயில் முகடு 5 மில்லி வோல்ட் உள்ள சைன் அலைக்கே சுமார் 5 விழுக்காடு இரண்டாம் சீரிசை உருவாகிறது. 10 மில்லி வோல்ட் என்றால் சுமார் 10 விழுக்காடு. அலைகாட்டியில் பார்த்தால் வெளியீட்டின் மேல் பாதி மழுங்கியும் கீழ்ப் பாதி கூர்ந்தும் தெரியும். உமிழ்ப்பான் முழுவதும் புறவழியாக்கப்பட்ட பெருக்கி சில மில்லி வோல்ட் சைகைக்கே உரியது.

பரிகாரம் RE-இன் ஒரு பகுதியைப் புறவழியாக்காமல் விடுவது. 1 கிலோ ஓமை 100 ஓம், 900 ஓம் என்று பிரித்து, 900-க்கு மட்டும் மின்தேக்கி வைத்தால் இயக்கப் புள்ளி மாறாது. பெருக்கம் 2480/119.3, சுமார் 21 ஆகக் குறையும். ஆனால் அதில் மாறும் பகுதியான re-இன் பங்கு ஆறில் ஒன்றே. திரிபு பெரிதும் குறைகிறது, உள்ளீட்டு மின்தடை ஏறுகிறது, வெப்பத்தால் பெருக்கம் அலைவதும் அடங்குகிறது.

தாழ்ந்த அதிர்வெண்களில் எல்லையை வகுப்பது புறவழி மின்தேக்கி. அதன் பார்வையில் உமிழ்ப்பானில் தெரியும் மின்தடை RE-யின் 1 கிலோ ஓம் அல்ல, சுமார் 22 ஓம் மட்டுமே. 100 மைக்ரோ ஃபாரட் இருந்தால் பெருக்கம் சுமார் 74 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியத் தொடங்கும். 10 மைக்ரோ ஃபாரட் வைத்தால் 740 ஹெர்ட்ஸிலேயே சரிந்து ஒலியின் கனம் போய்விடும். இணைப்பு மின்தேக்கிகள் கிலோ ஓம் அளவு மின்தடைகளைப் பார்ப்பதால் அவற்றுக்கு 10 மைக்ரோ ஃபாரட்டே தாராளம்.

கணக்கும் அளவீடும் ஒத்துவராதபோது

சுற்றைப் பலகையில் அமைத்த பின் மல்டிமீட்டரால் தரைக்கு எதிராக மூன்று முனைகளையும் அளந்தால், இந்தப் படத்துக்கு அடிவாயில் சுமார் 2.05, உமிழ்ப்பானில் 1.35, ஏற்பானில் 7.6 வோல்ட் வர வேண்டும். வேறு எண்கள் வந்தால் அவையே பழுதைக் காட்டிக்கொடுக்கும்.

ஏற்பானில் 12 வோல்ட் இருந்தால் மின்னோட்டம் ஓடவில்லை. அப்போது அடிவாயைப் பார்க்க வேண்டும். அங்கே சுழி என்றால் R1 அறுந்திருக்கிறது. அடிவாயில் 2.1 வோல்ட்டும் உமிழ்ப்பானில் சுழியும் என்றால் டிரான்சிஸ்டரின் அடிவாய்–உமிழ்ப்பான் சந்தி அறுந்திருக்கிறது. அடிவாயில் 2.1 வோல்ட் இருந்து, உமிழ்ப்பானிலும் ஒரு வோல்ட்டுக்கு மேல் தெரிந்தால் RE அறுந்திருக்கிறது. மீட்டர் வழியே ஓடும் நுண்ணிய மின்னோட்டமே அந்த அளவைக் காட்டுகிறது.

ஏற்பானும் உமிழ்ப்பானும் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் இரண்டு வாய்ப்புகள் முன்னிற்கும். R2 அறுந்தால் அடிவாய்க்கு அளவுமீறிய மின்னோட்டம் பாய்ந்து டிரான்சிஸ்டர் தெவிட்டுகிறது. உமிழ்ப்பான் சுமார் 2.9, ஏற்பான் 3.0, அடிவாய் 3.6 வோல்ட். டிரான்சிஸ்டருக்குள் ஏற்பானும் உமிழ்ப்பானும் குறுக்கிட்டுப்போனால் இரண்டும் 2.8 வோல்ட்டில் நிற்கும், அடிவாயோ 2.1 வோல்ட்டிலேயே இருக்கும். உமிழ்ப்பானைவிட அடிவாய் தாழ்வாக இருக்கும் NPN டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தைக் கடத்த வழியில்லை. அப்படியிருந்தும் மின்னோட்டம் ஓடுகிறது என்றால் அது குறுக்குச்சுற்றுதான்.

மூன்று அளவுகளும் சரியாக இருந்தும் பெருக்கம் 129-க்குப் பதில் 2.4 அளவில் இருந்தால் பழுது புறவழி மின்தேக்கியில். அது அறுந்தால் நேர்மின் அளவுகளில் எந்த மாற்றமும் தெரியாது. 1 கிலோ ஓம் முழுவதும் சைகையின் பாதையில் வந்து 2480/1019 என்று பெருக்கம் விழுந்துவிடும். அதே மின்தேக்கி குறுக்குச்சுற்றாகிவிட்டால் உமிழ்ப்பான் சுழிக்கும், அடிவாய் 0.7 வோல்ட்டுக்கும், ஏற்பான் ஏறத்தாழ சுழிக்கும் இறங்கி நிற்கும். மின்பகு மின்தேக்கிகளின் முனைகளையும் பார்க்க வேண்டும்: உள்ளீட்டு மின்தேக்கியின் நேர்முனை 2 வோல்ட்டில் இருக்கும் அடிவாய்ப் பக்கமும், வெளியீட்டு மின்தேக்கியின் நேர்முனை ஏற்பான் பக்கமும் இருக்க வேண்டும். திருப்பி வைத்தால் கசியும் மின்னோட்டம் இயக்கப் புள்ளியை நகர்த்திவிடும்.

ஆகவே படத்தைக் கையிலெடுத்தால் வரிசை இதுதான். பகுப்பானிலிருந்து அடிவாய் மின்னழுத்தம், அதிலிருந்து உமிழ்ப்பான் மின்னோட்டம், அதிலிருந்து VCE. டிரான்சிஸ்டர் தெவிட்டவில்லை என்று உறுதிசெய்த பின் re. அதோடு சுமை சேர்ந்த ஏற்பான் மின்தடையைக் கொண்டு மின்னழுத்தப் பெருக்கம். கடைசியில் β-வைக் கொண்டு உள்ளீட்டு மின்தடையும் சுற்றின் மின்னோட்டப் பெருக்கமும். β எந்த இடத்தில் முதலில் தேவைப்படுகிறது என்பதைப் பார்த்தே அந்தச் சுற்றின் உறுதியை மதிப்பிடலாம். எளிய படத்தில் அது இயக்கப் புள்ளிக்கே தேவைப்பட்டது. பகுப்பான் படத்தில் கடைசிப் படிவரை தேவைப்படவில்லை.